வயிற்றில் கரைந்துபோகும் பொருளுக்கு ஹலால், ஹராம் உண்டா?

முழங்கால் வலிக்கும் முகச் சுருக்கத்திற்கும் நல்லதென்று ஒரு வெண்ணிற மாவு இப்போது நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊருக்கு வரும்போது தாய்மார்களுக்கு வாங்கி வருகிறார்கள். மருந்துக் கடைகளிலும் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதன் பெயர் கொலாஜன். இது பற்றிப் பலரும் கேட்கும் மஸ்அலா, "இது ஹலாலா?" என்பதுதான். கேள்வி சரியே. ஆனால் அதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் விடைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைத்தான் நாம் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

முதல் விடை, கல்லூரியில் படித்த இளைஞர்கள் கூறுவது: "எந்தப் புரதமாயினும் வயிற்றுக்குள் போனால் அமினோ அமிலமாகக் கரைந்துவிடுகிறது. பன்றியிலிருந்து வந்த அமிலமும் மாட்டிலிருந்து வந்த அமிலமும் ஒன்றே. பின் எதற்கு இந்த ஆராய்ச்சி?" இரண்டாம் விடை, வலியால் அவதிப்படுவோர் கூறுவது: "இது எனக்கு மருந்து. மருந்துக்கு மார்க்கத்தில் சலுகை உண்டல்லவா?"

இவ்விரண்டு விடைகளும் ஒன்றாக நிற்க மாட்டா. எல்லாம் சாதாரண அமிலமாகக் கரைந்துவிடுவது உண்மையானால், இந்த மாவு பருப்பையும் முட்டையையும் போன்ற ஓர் உணவேயன்றித் தனி மருந்தன்று. தனி மருந்துதான் என்றால், ஏதோ ஒன்று கரையாமல் உள்ளே சென்று வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே முதலில் அந்த மாவு உடலில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வோம். பிறகு ஷரீஅத்தின் பக்கம் திரும்புவோம்.

கொலாஜன் என்பது நம் தோல், எலும்பு, குருத்தெலும்பு, நரம்பு போல் தோன்றும் தசைநாண்கள் ஆகியவற்றைக் கட்டி நிறுத்தும் புரதம். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதுவே. மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது இதன் அமைப்பு. பிராணிகளின் தோலையும் எலும்பையும் அமிலத்திலோ சுண்ணாம்பு நீரிலோ ஊறவைத்து, பின்னர் வெந்நீரில் காய்ச்சினால் இந்த முறுக்கு அவிழ்ந்து இழைகள் பிரிகின்றன. அதுவே ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப்பை ஆறவைத்தால் தட்டில் துவண்டு உறைகிறதே, அதுவும் ஜெலட்டின்தான். அந்த ஜெலட்டினை நொதிகளைக் கொண்டு மேலும் துண்டு துண்டாக நறுக்கிவிட்டால், உறையாமல் குளிர்ந்த நீரிலும் கரையும் மாவு கிடைக்கிறது. டப்பாவில் வருவது இதுதான்.

இதை நாம் விழுங்கியதும் இரைப்பையிலே பெப்சினும், பின்னர் கணையத்தின் நீர்களும் சேர்ந்து மேலும் வெட்டுகின்றன. இதனை ஓர் அச்சகத்தோடு ஒப்பிடலாம். பழைய அச்சகங்களில் ஒரு பக்கத்தை அச்சிட்டு முடித்தபின் ஈய எழுத்துக்களைப் பிரித்து, 'க'வைக் 'க'வின் குழியிலும், 'ம'வை 'ம'வின் குழியிலும் போட்டுவிடுவார்கள். அடுத்து என்ன அச்சிட வேண்டுமோ அதற்கு அந்த எழுத்துக்களே பயன்படும். திருமண அழைப்பிதழைப் பிரித்த எழுத்துக்கள் திருமண அழைப்பிதழுக்கே போக வேண்டுமென்பதில்லை. அவ்வாறே உண்ட கொலாஜனின் அமிலங்களும் தோலைத் தேடிப் போவதில்லை. உடலுக்கு எங்கே தேவையோ அங்கே போகின்றன. மிஞ்சினால் எரிபொருளாகின்றன. "உண்ட கொலாஜன் நேரே முகத்துக்குச் சென்று படியும்" என்னும் விளம்பரம் இந்த அளவில் பொய்யே.

இதிலே இன்னும் வியப்பான ஒன்றுண்டு. கொலாஜனுக்கே உரிய சிறப்பு எழுத்து ஒன்று இருக்கிறது. அதற்கு ஹைட்ராக்ஸிபுரோலின் என்று பெயர். உடல் இதைத் தனி எழுத்தாக எடுத்துக் கோப்பதே இல்லை. சாதாரண புரோலினைக் கோத்து வரியை முடித்த பிறகு, வைட்டமின் சி, இரும்புச் சத்து ஆகியவற்றின் துணையுடன் அந்த எழுத்தின்மீது ஒரு குறியைப் பொறிக்கிறது. ஆகவே நாம் விழுங்கிய ஹைட்ராக்ஸிபுரோலினுக்குப் போட்டு வைக்கக் குழியே கிடையாது. கொலாஜனைத் தின்றால் கொலாஜன் ஆகும் என்ற கணக்கு, அதன் முக்கியமான எழுத்திலேயே தவறிப் போகிறது. வைட்டமின் சி இல்லாவிட்டால் எவ்வளவு புரதம் உண்டாலும் உறுதியான கொலாஜன் உருவாகாது. பழங்காலக் கப்பலோட்டிகளுக்குப் பல் ஈறு இற்று இரத்தம் வடிந்த ஸ்கர்வி நோயின் காரணமும் இதுவே.

ஜெலட்டினை நம்பி ஏமாந்த கதை இன்று நேற்று நடந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தில் தார்சே என்னும் இரசாயன அறிஞர், வீணாகும் எலும்புகளிலிருந்து ஜெலட்டின் எடுத்து மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் சூப்பாகக் கொடுக்கலாம் என்று முனைந்தார். எண்ணம் நல்ல எண்ணமே. இது உண்மையில் ஊட்டம் தருகிறதா என்று சர்ச்சை எழுந்தபோது, ஃபிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் மஜாந்தி என்னும் உடலியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1841இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஜெலட்டினை மட்டும் கொடுத்து வளர்த்த நாய்கள் உயிர் பிழைக்கவில்லை என்று கூறிற்று. காரணம் பின்னரே விளங்கியது. டிரிப்டோபான் என்னும் இன்றியமையாத அமிலம் ஜெலட்டினில் அறவே கிடையாது. வெறும் ஊட்டமாகப் பார்த்தால் ஒரு கோழி முட்டைக்கு இது ஈடாகாது. விலையோ பல மடங்கு.

இத்துடன் நிறுத்திவிட்டால் "எல்லாம் கரைந்துவிடுகிறது" என்னும் இளைஞர்களின் பக்கமே வெற்றி என்று தோன்றும். ஆனால் உண்மை முழுவதும் அவர்கள் பக்கமும் இல்லை. 2005இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஆடவர் ஐவர், இரவெல்லாம் வயிற்றைக் காயவைத்தபின் இத்தகைய ஜெலட்டின் மாவை உண்டனர். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களுடைய இரத்தத்தில், புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட துணுக்குகள் பிரியாமலே காணப்பட்டன. நாலு மணி நேரத்தில் அவை பாதியாகக் குறைந்துவிட்டன. இவ்விரண்டின் பிணைப்பு வயிற்று நொதிகளுக்கு எளிதில் அறுபடாத முடிச்சு போலும். இத்துணுக்குகளை ஆய்வுக்கூடத்தில் எலியின் தோல் அணுக்களின்மீது இட்டபோது அவ்வணுக்கள் பெருகத் தூண்டப்பட்டன என்றும் பின்னர் கண்டார்கள். அதாவது இத்துணுக்கு செங்கல்லாக அன்றி ஒரு செய்தியாக வேலை செய்யக்கூடும். "இங்கே கொலாஜன் உடைந்து கிடக்கிறது, புதிதாகக் கட்டுங்கள்" என்று அணுக்களிடம் சொல்லும் செய்தி. இது நடக்கக்கூடிய ஒன்று என்பதுவரை நிறுவப்பட்டிருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் நடப்பது மனிதத் தோலிலும் முழங்காலிலும் பயன் தெரியும் அளவுக்கு நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

அதற்கு மனிதர்களிடம் செய்த சோதனைகளைத்தான் பார்க்க வேண்டும். 2014இல் வெளியான ஒன்றில் 35 வயதிலிருந்து 55 வயதுக்குட்பட்ட 69 பெண்கள் எட்டு வாரம் பங்கேற்றனர். சிலருக்கு நாளொன்றுக்கு இரண்டரை கிராம், சிலருக்கு ஐந்து கிராம், மற்றவர்களுக்கு வெறும் மாவு. கொலாஜன் உண்டவர்களுக்குத் தோலின் நெகிழ்வு சற்று கூடியிருந்தது. இதுபோன்ற சோதனைகள் பல வந்தன. 2025இல் அவற்றுள் 23 சோதனைகளை, மொத்தம் 1474 பேரை, ஒன்றாகத் திரட்டிக் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஈரமும் நெகிழ்வும் கூடிச் சுருக்கம் குறைந்ததாகவே தெரிந்தது. ஆனால் பணம் கொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தபோது, கம்பெனிகளின் பணம் பெறாத சோதனைகளில் அந்தப் பயன் காணப்படவில்லை. தரமாக நடத்தப்பட்ட சோதனைகளில் மட்டும் பார்த்தாலும் அப்படியே. சாட்சி சொல்பவனுக்கு வழக்கில் ஆதாயம் இருந்தால் அவன் சாட்சியத்தை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டுமென்பது நம் காழிகளுக்குத் தெரிந்த முறைதான். பொய் சொன்னான் என்பதல்ல. அவன் சொல் மட்டும் போதாது என்பது.

மற்றொரு குறையும் உண்டு. இத்தகைய சோதனைகள் பலவற்றில் ஒப்பிடுவதற்குக் கொடுக்கப்பட்டது புரதமே இல்லாத மாவு. ஆகவே பயன் தெரிந்தாலும், அது கொலாஜனால் வந்ததா, அல்லது குறைவாக உண்ணும் ஒருவருக்கு எந்தப் புரதம் கூடியிருந்தாலும் வந்திருக்குமா என்று பிரித்தறிய முடியாது.

மூட்டு வலியைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. தேய்ந்த முழங்காலுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 10 கிராம் வீதம் மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்த சோதனைகள் சிலவற்றில் வலி ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்தது என்று அவை காட்டவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த மாவு மூட்டுக்களைப் பாதுகாக்கிறது என்னும் உரிமைக் கூற்றை ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2011இல் தள்ளிவிட்டது. சுருங்கச் சொன்னால், தோலுக்கு ஐயம். மூட்டுக்குச் சிறிய, உறுதியற்ற பயன்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஸஜ்தாவிலிருந்து எழும்போது முழங்காலில் குத்துகிறது. மகன் அறுபது குளிகைகள் கொண்ட கொலாஜன் புட்டி ஒன்று அனுப்புகிறான். நாளொன்றுக்கு இரண்டு என்று போட்டிருக்கிறது. ஒரு குளிகையில் அரை கிராம். ஆக, நாளுக்கு ஒரு கிராம். சோதனைகளில் கொடுத்ததோ 10 கிராம். அந்த அளவு வேண்டுமென்றால் நாளுக்கு இருபது குளிகை விழுங்க வேண்டும். புட்டி மூன்றே நாளில் தீர்ந்துவிடும். ஆனாலும் ஒரு மாதம் கழித்து உம்மா, "வாப்பா, இப்ப தேவல" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தேய்மான வலி ஏறும், இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருந்தைத் தேடுகிறார்கள். உச்சத்துக்குப் பின் எதைத் தின்றாலும், எதையும் தின்னாவிட்டாலும், வலி சற்று இறங்கவே செய்யும். மகன் அனுப்பிய அன்பும் சேர்ந்து கொள்கிறது.

உண்மையிலேயே பயன் இருக்கிறதா என்று அறிய விரும்பினால், ஒரு கையேட்டில் மூன்று மாதம் குறித்து வைக்கலாம். எத்தனை ரக்அத்துக்குப் பின் வலி தொடங்குகிறது, மாடிப்படி எத்தனை ஏற முடிகிறது என்று எழுதி, இடையில் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்தியும் வித்தியாசம் இல்லையெனில் காசை மிச்சப்படுத்தலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரத மாவையும் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது.

இப்போது ஷரீஅத்தின் பக்கம் வருவோம். "வயிற்றில் கரைந்துவிடுகிறது, ஆகவே எதிலிருந்து வந்தாலென்ன?" என்னும் வாதம் முதலில் கேட்கும்போது அறிவுக்குகந்ததாகத் தோன்றும். ஆனால் அது அளவுக்கு மிஞ்சி நிரூபிக்கிறது. பன்றி இறைச்சியும் வயிற்றில் அமினோ அமிலமாகத்தான் கரைகிறது. திருடிய அரிசியும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. இவ்வாதத்தை ஏற்றால் உணவிலே ஹராம் என்ற ஒன்றே இல்லாமற் போகும். அல்லாஹுத்தஆலா திருமறையின் பகரா அத்தியாயத்தில் விலக்கியிருப்பது உண்ணும் பொருளை. உண்டபின் அது ஆகும் பொருளை அன்று. கட்டளை நம் கைக்கும் வாய்க்கும் இடப்பட்டது. குடலுக்குக் கட்டளை இல்லை, ஏனெனில் குடலுக்குத் தேர்ந்தெடுக்கும் சக்தி இல்லை. மனிதன் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் விசாரணையும் இருக்கும்.

ஆயினும் வாய்க்குள் போவதற்கு முன்பே ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால்? இது நம் ஃபுகஹாக்கள் நெடுங்காலமாக ஆராய்ந்த மஸ்அலா. இஸ்திஹாலா என்பது இதன் பெயர். உப்பளத்தில் விழுந்த கழுதை நாளடைவில் உப்பாகவே ஆகிவிட்டால் அந்த உப்பு சுத்தமானது என்பது ஹனஃபி நூல்களில் பிரபலமான உதாரணம். ஷாஃபி மத்ஹபில் இவ்வாசல் மிகக் குறுகலானது. மது தானாகவே காடியாக மாறுவதும், செத்த பிராணியின் தோல் பதனிடப்படுவதும் போன்ற சிலவற்றை மட்டுமே அவர்கள் ஏற்கிறார்கள். பன்றியின் தோல் பதனிட்டாலும் சுத்தமாகாது. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் ஒரே தெருவில் வாழ்வதால் இக்கருத்து வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நம் காலத்து உலமாக்களும் இதில் ஒருமித்துவிடவில்லை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் சேர்ப்பது கூடாதென்றும், தாவரங்களிலிருந்தும் முறைப்படி அறுத்த பிராணிகளிலிருந்தும் கிடைப்பதே போதுமானதென்றும் முடிவு செய்தது. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் நடத்திய கருத்தரங்கமோ, அசுத்தமான பிராணியின் எலும்பும் தோலும் ஜெலட்டினாக மாறிவிடுவதால் அது சுத்தம், உண்ணலாம் என்றது.

இரு தரப்பாரும் அறிஞர் பெருமக்களே. அவர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் இஸ்திஹாலா நிகழ்ந்ததா என்பதில் ஒரு பகுதி, பொருளின் நடப்பு பற்றிய கேள்வி. அதற்கு இரசாயனம் விடை கூறலாம். கழுதை உப்பானபோது கழுதையின் புரதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜெலட்டினில் அப்படியல்ல. முறுக்கு அவிழ்ந்திருக்கிறது, இழை நறுங்கியிருக்கிறது. எழுத்துக்களின் வரிசை அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஒரு மாத்திரை உறையைக் கொடுத்தால் அது பன்றியா, மாடா என்று இன்றைய ஆய்வுக்கூடங்கள் அதன் புரதத் துணுக்குகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடுகின்றன. மரபணுவின் மிச்சங்கூடச் சிலவற்றில் அகப்படுகிறது. தன் பிறப்பிடத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பொருளை முற்றும் மாறிவிட்டதென்பது எப்படி என்று கேட்பவர்களின் கேள்வியில் வலு இருப்பதாகவே நமக்குப் படுகிறது. வியாபாரி வேறு, "எங்கள் மாவு கொலாஜனாகவே வேலை செய்யும்" என்று விற்கிறார். விற்கும்போது மாறாதது, ஃபத்வா கேட்கும்போது மட்டும் மாறிவிடுமா?

இனி மருந்து என்னும் சலுகை. ளரூரத் என்பது பெரிய வாசல்தான். ஆனால் அதற்குத் தாழ்ப்பாள் உண்டு. நஜீஸான பொருளைக் கொண்டு மருத்துவம் செய்வதை ஷாஃபி இமாம்கள் அனுமதித்த இடத்திலும், சுத்தமான மாற்று மருந்து இல்லாதிருக்க வேண்டும், அதன் பயனை விவரமறிந்த நம்பகமான மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். கொலாஜன் மாவு இவ்விரண்டிலுமே நிற்கவில்லை. பயன் உறுதியில்லை என்பதை மேலே கண்டோம். மாற்று இல்லை என்று சொல்லவோ வழியே இல்லை: மீன் தோலிலிருந்தும், முறைப்படி அறுத்த மாட்டிலிருந்தும் எடுத்த கொலாஜன் அதே கடையில் கிடைக்கிறது. முகச் சுருக்கத்துக்கு இச்சலுகையைக் கேட்பது இன்னும் தூரம். அழகு பேணுவது ஆகுமானதே. ஆனால் அது தஹ்ஸீனிய்யாத் என்னும் அலங்கார வகையைச் சேர்ந்தது. அதற்காக ளரூரத்தின் வாசலைத் தட்ட முடியாது. உயிர் காக்கும் மருந்து ஒன்று ஜெலட்டின் உறைக்குள் மட்டுமே கிடைக்கிறது என்றால் அந்த மஸ்அலா முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தேவையான மருந்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். 'போவைன்' என்றால் மாடு, 'போர்சைன்' என்றால் பன்றி, 'மரைன்' என்றால் பெரும்பாலும் மீன். வெறுமனே 'ஜெலட்டின்' என்றோ 'E441' என்றோ இருந்தால் பிராணி எதுவென்று அதிலிருந்து தெரியாது. நம் நாட்டு உணவுப் பொருள்களில் காணும் பழுப்பு நிறக் குறி, பிராணிப் பொருள் கலந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எந்தப் பிராணி, எப்படி அறுக்கப்பட்டது என்று சொல்லாது. 'போவைன்' என்பதும் அறுத்த முறையைச் சொல்வதில்லை. அதற்கு நம்பகமான ஹலால் சான்று தனியே வேண்டும். மீனுக்கு அறுக்கும் நிபந்தனையே இல்லையாதலால் ஐயத்திலிருந்து விலகி நிற்க விரும்புவோருக்கு அது எளிய வழி. உள்ளே மீன் மாவு இருந்து, குளிகையின் உறை வேறு ஜெலட்டினாக இருப்பதும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு விசாரணையும் வேண்டாமென்பவர்களுக்கு நம் அடுப்பங்கரையிலேயே பொருள் இருக்கிறது. பிஸ்மில்லாஹ் கூறி அறுத்த ஆட்டின் கால்களை வாட்டிச் சுத்தம் செய்து, நாலைந்து மணி நேரம் சிறு தீயில் வேகவைத்தால் தோலும் நாணும் கரைந்து வருவது அந்த டப்பாவில் இருக்கும் புரதமேதான், நொதியால் நறுக்கப்படாதது மட்டும்தான் வித்தியாசம். அந்த நறுக்கும் வேலையை நம் கணையம் கூலி கேளாமல் செய்யும். ஆறியபின் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, கீழே உறைந்திருப்பதைச் சூடாக்கிக்கொள்ளலாம். இரத்த அழுத்தமுள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளட்டும். எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சியில் ஒரு பகுதி அழிந்துவிடும். கிண்ணத்தில் ஊற்றி, குடிக்கும் சூட்டுக்கு ஆறியபின் பிழிய வேண்டும்.